ஐம்பத்துநான்கு மூட்டை உப்புக்கு ஒரு லொறியைப் பணயம் வைக்கிறோம்



நம்ம ஊர்களில் ஒரு லொறி பிரண்டால் இரண்டு நாளில் ஒரு பேச்சு கிளம்பும். "இன்சூரன்ஸ்காரன் ஏமாத்திட்டான், கட்டின காசெல்லாம் வீண்" என்பார்கள். நாங்களும் அப்படிப் பேசியவர்கள்தான். ஆனால் இன்று எங்களையே குற்றம் சாட்டி எழுதுகிறோம். புத்தளத்திலிருந்து உப்பு ஏற்றும்போதும், கற்பிட்டியிலிருந்து வெங்காயமும் மரக்கறியும் ஏற்றும்போதும், அந்த இழப்பீட்டுக் கோரிக்கையைப் பாதி கெடுத்துவிட்டுத்தான் நாங்கள் பாலாவிச் சந்தியைத் தாண்டுகிறோம். மீதிப் பாதியை விபத்து நடந்த பிறகு வாயால் கெடுக்கிறோம்.

முதலில் கணக்கு. வாகனப் பதிவுப் புத்தகத்தில் இரண்டு நிறைகள் இருக்கும். ஒன்று வெறும் லொறியின் நிறை. மற்றது சுமையோடு லொறி இருக்கக்கூடிய மொத்த நிறை. ஓர் உதாரணத்துக்கு வெறும் நிறை 3,500 கிலோ, மொத்த நிறை 8,000 கிலோ என்று வைப்போம். வித்தியாசம் 4,500 கிலோ. ஐம்பது கிலோ மூட்டை என்றால் 90 மூட்டை என்று நாங்கள் உடனே சொல்லிவிடுவோம். அதுவே பிழை. சாரதி, கிளீனர், தார்ப்பாய், கயிறு, ஜாக் எல்லாம் அந்த மொத்த நிறைக்குள்தான் வரும். அவற்றுக்கு 200 கிலோ கழித்தால் 4,300 கிலோ, அதாவது 86 மூட்டை. ஈரம் காயாத உப்பென்றால் மூட்டை ஐம்பது கிலோவைத் தாண்டி நிற்கும், அப்போது 86 கூடக் கூடுதல்.

நாங்கள் எத்தனை ஏற்றுகிறோம்? பலகை உயர்த்தி 140 என்று வைப்போம். 54 மூட்டை மேலதிகம், 2,700 கிலோ. ஒரு மூட்டைக்கு நூறு ரூபா கூலி என்றால் அந்த மேலதிகத்தால் வருவது 5,400 ரூபா. இந்த 5,400 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அதற்குத் திரும்பி வருவோம்.

இனி காப்புறுதிப் பத்திரத்தை எடுங்கள். லீசிங் கம்பனி கேட்டதற்காக முழுக் காப்புறுதி போட்டோம், பத்திரத்தை அலுமாரியில் வைத்தோம். அதற்குள் "விலக்குகள்" என்றொரு பகுதி இருக்கிறது. வணிக வாகனப் பத்திரங்களில் அதிக பாரம் பற்றிய வாசகம் இரண்டு விதமாக வரும். ஒரு விதம், அதிக பாரத்தால் "ஏற்பட்ட" சேதத்துக்குப் பணம் இல்லை என்பது. மற்ற விதம், அதிக பாரம் ஏற்றியிருந்த "நேரத்தில்" நடந்த எதற்கும் பணம் இல்லை என்பது. ஒரே ஒரு சொல்தான் வித்தியாசம், ஆனால் அதில்தான் லொறி நிற்கிறது.

முதல் வாசகம் என்றால், விபத்துக்குக் காரணம் பாரம்தானா என்ற கேள்வி எழும். லொறி ஓரமாக நிறுத்தியிருக்க, பின்னால் ஒரு பஸ் வந்து மோதினால், 140 மூட்டை இருந்ததால் பஸ் மோதவில்லை. அங்கே நமக்கு வாதாட இடமுண்டு. ஆனால் வளைவில் பிரேக் பிடிக்காமல் போனாலோ, டயர் வெடித்தாலோ, தகட்டு ஸ்பிரிங் முறிந்தாலோ, மதிப்பீட்டாளர் முதலில் பார்ப்பது மூட்டைகளைத்தான். இரண்டாவது வாசகம் என்றால், காரணம் என்ன என்ற பேச்சே தேவையில்லை. பாரம் கூடுதலாக இருந்ததா, இல்லையா? அவ்வளவுதான்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. இந்த இரண்டாவது வாசகம் 1953 இல் இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனது. ஹௌட்டன் எதிர் ட்ரஃபால்கர் என்பது வழக்கு. ஐந்து பேர் உட்காரும் காரில் ஆறு பேர் போனார்கள். "வாகனம் தாங்கக் கட்டப்பட்டதை விட அதிக பாரம் ஏற்றியிருந்தது" என்று சொல்லி நிறுவனம் பணம் மறுத்தது. நீதிபதிகள் நிறுவனத்தை ஏற்கவில்லை. ஆனால் அவர்கள் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள். இந்த வாசகம் இவ்வளவு நிறைதான் ஏற்றலாம் என்று குறிக்கப்பட்ட லொறி, வேன் போன்ற வாகனங்களுக்குப் பொருந்தும், ஆள் ஏற்றும் காருக்கு அல்ல என்றார்கள். கார்க்காரன் தப்பிய அதே வாசலில் லொறிக்காரன் மாட்டிக்கொள்கிறான். நமது நாட்டின் காப்புறுதிச் சட்டத்தில் ஆங்கிலச் சட்டத்தின் செல்வாக்கு உண்டு என்பதால் இது நமக்குத் தூரத்துக் கதையல்ல.

பக்கத்து நாட்டையும் பார்ப்போம். 1996 இல் நாகராஜு என்ற லொறி உரிமையாளரின் வழக்கு இந்திய உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. சாமான் லொறியில் அனுமதித்ததைவிடக் கூடுதலாக ஆட்கள் ஏறியிருந்தார்கள். எதிரே வந்த வாகனத்தோடு மோதியது. அந்த மேலதிக ஆட்கள் விபத்துக்குக் காரணமாகவில்லை, ஆகவே முழுதாக மறுப்பது நியாயமில்லை என்று நீதிமன்றம் உரிமையாளருக்குச் சாதகமாகத் தீர்த்தது. 2010 இல் அமலேந்து சாஹு வழக்கில் அதே நீதிமன்றம் அங்குள்ள காப்புறுதி நிறுவனங்களின் வழிகாட்டியை எடுத்துக்காட்டியது. அனுமதித்த அளவுக்கு மேல் பாரம் ஏற்றியிருந்தால், கொடுக்க வேண்டிய தொகையில் நூற்றுக்கு 75 க்கு மேற்படாமல் கொடுக்கலாம் என்பது அதில் ஒரு வரி. இந்தியத் தீர்ப்பு நமது நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் வாதத்துக்கு எடுத்துக்காட்டலாம். அந்த வழிகாட்டியின்படி கிடைப்பது 75 வரைக்கும்தான், 100 அல்ல என்பதையும் மறக்கக் கூடாது.

எங்கள் லொறிக்குத் திருத்தச் செலவு 16 இலட்சம் என்று வைப்போம். 75 வீதம் கிடைத்தால் 12 இலட்சம். நான்கு இலட்சம் கைவிட்டுப் போகிறது. ஒரு தடவைக்கு 5,400 ரூபா வீதம் அதைத் திரும்பச் சம்பாதிக்க 75 தடவை அதே மேலதிகப் பாரத்தோடு ஓட வேண்டும். முழுதாக மறுத்தால் 297 தடவை. அதுவரைக்கும் லீசிங் தவணை நிற்காது. லொறி கராஜில் கிடந்தாலும் அது ஒவ்வொரு மாதமும் வரும்.

இனி வாயால் கெடுப்பது. விபத்து நடந்ததும் யாராவது ஒரு புத்திசாலி வந்து, "எண்பது மூட்டைதான் இருந்தது என்று சொல்லு" என்பார். சாரதி பொலிஸில் அப்படியே எழுதிக் கொடுப்பார். ஆனால் உப்பு வியாபாரியின் பில்லில் 140 இருக்கும். ரோட்டில் சிதறியதை யாரோ போனில் படம் எடுத்திருப்பார்கள். வியாபாரி தன் சரக்குக்குத் தனியாகக் காப்புறுதி போட்டிருந்தால், அவர் 140 மூட்டைக்குக் கோரிக்கை போடுவார். ஒரே சுமை, ஒரு கடதாசியில் 80, மறு கடதாசியில் 140. பொய்யான தகவலோடு கோரிக்கை போட்டால் எதையும் கொடுக்கத் தேவையில்லை என்ற நிபந்தனை பத்திரத்தில் இருக்கும். 75 கிடைத்திருக்கக்கூடிய இடத்தில் ஒரு பொய்யால் பூச்சியம் ஆகிறது. ஜும்ஆவில் நிறுவையில் மோசம் செய்வதைப் பற்றி பயான் கேட்டுவிட்டு, லொறி நிறையில் மோசம் செய்வதை நாங்கள் வியாபாரச் சாமர்த்தியம் என்கிறோம்.

வேறொருவர் காயப்பட்டாலோ மவுத்தானாலோ நிலைமை இன்னும் கனமானது. கட்டாய மூன்றாந் தரப்புக் காப்புறுதி பாதிக்கப்பட்டவரைக் காப்பாற்றுவதற்காக வந்தது. லொறிக்காரன் நிபந்தனையை மீறினான் என்பதற்காக அந்தக் குடும்பம் வெறுங்கையோடு போகக் கூடாது என்பதே அதன் நோக்கம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நிறுவனம் அப்படிக் கொடுத்த பணத்தை உரிமையாளரிடம் திருப்பிக் கேட்கும் உரிமையும் பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கும். அவர்களுக்குக் கிடைக்கும், பிறகு எங்கள் வீட்டு வாசலுக்குக் கடிதம் வரும்.

இதில் குற்றம் சாரதியின் தலையில் மட்டும் விழக் கூடாது. "ஒரே ட்ரிப்பில் எடு, இல்லாவிட்டால் வேறு லொறி பார்க்கிறேன்" என்பவர் வியாபாரி. "ஏத்து, பார்த்துக்கலாம்" என்பவர் உரிமையாளர். மூட்டை எண்ணிக்கையில் இவர்கள் லாபம் பார்க்கிறார்கள். விபத்தன்று வைத்தியசாலையில் கிடப்பவர் சாரதி, வாக்குமூலம் கொடுப்பவரும் அவர்தான்.

காப்புறுதி நிறுவனங்களையும் சும்மா விட முடியாது. தவணை வாங்கும்போது புன்னகை, பத்திரத்தின் விலக்குகளை நம்ம பாஷையில் சொல்லித்தர ஆளில்லை. நிறுத்தியிருந்த லொறியில் மற்றவன் மோதினாலும் "அதிக பாரம்" என்று ஒரு வரியில் மறுத்துவிட்டால், அதை விழுங்கத் தேவையில்லை. எந்த விலக்கின் கீழ் மறுக்கிறீர்கள், பாரம் எப்படி விபத்துக்குக் காரணமானது என்று எழுத்தில் கேளுங்கள். பதில் திருப்தியில்லை என்றால் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார், காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு இருக்கிறது. ஆனால் அங்கே போவதற்கு உண்மையான நிறையோடு ஒரு கடதாசி கையில் வேண்டும்.

ஆகவே நாங்கள் கேட்பது மூன்றுதான். இன்று இரவு பத்திரத்தை எடுத்து "ஏற்பட்ட" என்றிருக்கிறதா, "நேரத்தில்" என்றிருக்கிறதா என்று பாருங்கள். விளங்காவிட்டால் ஏஜண்டைக் கூப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். லொறியைத் தராசில் நிறுத்து அந்தத் துண்டை வண்டியிலேயே வையுங்கள். பில்லில் மூட்டை எண்ணிக்கையோடு நிறையையும் எழுதும்படி வியாபாரியிடம் கேளுங்கள், எழுத மறுப்பவருக்கு ஏற்றாதீர்கள். ஒரு லொறிக்காரன் தனியாக மறுத்தால் வியாபாரி அடுத்தவனைக் கூப்பிடுவார். அடுத்தவனும் மறுத்தால்தான் இரண்டாவது ட்ரிப்புக்குக் கூலி கொடுப்பார். அந்த அடுத்தவன் நாங்கள்தான்.