நாலாம் மாதக் கஞ்சி



போன மாதம் ஒரு மாலைப் பொழுதில் என் பழைய மாணவி ஒருத்தி கண் கலங்க வீட்டுக்கு வந்தாள். தலைப்பிள்ளைக்கு நாலு மாதம். 98 நாள் பிரசவ விடுமுறை முடிந்து, பட்டணத்துத் தொழிற்சாலைக்கு மறுபடி வேலைக்குப் போகிறாள். கணவன் செம்பனைக் குலை வெட்டுகிறான். பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது மாமியார்தான்.

அன்று வேலை விட்டு வந்தபோது, பிள்ளையின் தாடையில் கஞ்சி காய்ந்திருந்ததாம். "ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான்னு கிளினிக் மிஸி சொன்னாங்க. உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டுவிட்டாள். "மூணு பிள்ளை வளர்த்தவளுக்குத் தெரியாதா? இனி உன் பிள்ளையை நீயே பார்த்துக்க" என்றார் மாமியார். இரண்டு நாளாக மருமகள் சமைத்ததை அவர் தொடவில்லை. மகனோ இரண்டு பக்கமும் பேசாமல் இருந்தான்.

கஞ்சி விஷயத்தில் நியாயம் மருமகள் பக்கம்தான். ஆனால் மாமியாரும் பொய் சொல்லவில்லை. அவர் பிள்ளை பெற்ற காலத்தில், நாலாம் மாதம் முதலே கஞ்சி கொடுக்கலாம் என்றுதான் மருத்துவர்களும் சொன்னார்கள். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் மாற்றிச் சொன்னது 2001-இல்தான். நம் நாட்டிலும் 2005-இல் அதுவே கொள்கையாயிற்று. ஆகவே, "உங்களுக்குத் தெரியாது" என்பது உண்மையல்ல. "உங்கள் காலத்தில் அப்படித்தான் சொன்னார்கள், பிறகு மாற்றிவிட்டார்கள்" என்பதே உண்மை. அப்படிச் சொன்னால் அந்த அம்மாளின் மானமும் போகாது.

"பிள்ளைக்கு எத்தனை புட்டிப் பால் எடுத்து வைத்துவிட்டுப் போகிறாய்?" என்று அவளைக் கேட்டேன். "ரெண்டு டீச்சர், நாலு அவுன்ஸ் புட்டி" என்றாள். காலை ஆறு மணிக்குப் போகிறவள் மாலை நாலரைக்குத்தான் திரும்புகிறாள். பத்து மணி நேரத்துக்கு மேல் இரண்டு புட்டி எப்படிப் போதும்? பிள்ளை பசியில் அழுதது. பாட்டி மனம் பொறுக்காமல் கஞ்சி ஊட்டினார். அவர் கொடுத்த மருந்துதான் தவறு; கண்டுபிடித்த நோய் சரியானது. மாமியார் ஒன்று சொன்னால், "ஏன் அப்படித் தோணுது அத்தை?" என்று முதலில் கேளுங்கள். பகல் முழுதும் பிள்ளையோடு இருப்பவர் கண்ணில் பட்டது, நம் கண்ணில் படாமல் போயிருக்கலாம்.

அடுத்தது, பேச வேண்டியவன் மகன். மருமகள் சொன்னால் எதிர்ப்பேச்சு; பெற்ற மகன் சொன்னால் அது வீட்டுப் பேச்சு. "மிஸி சொல்றாங்கம்மா, நீயும் வந்து கேளு" என்று அவன் கூப்பிட வேண்டும். "அவ சொல்றா" என்று மட்டும் வாய் தவறியும் சொல்லக் கூடாது.

அவர்கள் அப்படியே செய்தார்கள். தடுப்பூசி நாளன்று பாட்டியும் கிளினிக்குக்குப் போனார். பால் போதுமா என்று அவரே கேட்டார். மிஸி சுகாதாரப் புத்தகத்தைத் திறந்து எடைக் கோட்டைக் காட்டி, நாளுக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் போய், எடையும் ஒழுங்காக ஏறினால் பால் போதும் என்று விளக்கினார். இப்போது நாலு புட்டி வைத்துவிட்டுப் போகிறாள். பகலில் எத்தனை துணி நனைந்தது என்று எண்ணிச் சொல்வது பாட்டியின் வேலை. ஆறு மாதம் நிறைந்ததும் முதல் கஞ்சி அவர் கையால்தான் என்று மருமகளே சொல்லிவிட்டாள். அன்று இரவு மாமியார் அவள் வைத்த குழம்பில் சாப்பிட்டாராம்.

எல்லாவற்றுக்கும் இப்படி மல்லுக்கு நிற்க வேண்டாம். திருஷ்டிப் பொட்டை உள்ளங்காலில் வைக்கட்டும். எண்ணெய் தேய்த்துக் கால் நீவிவிடட்டும்; மூக்கிலும் காதிலும் மட்டும் எண்ணெய் விட வேண்டாம். பத்து யோசனையில் ஏழுக்குத் தலையாட்டுகிறவள் மூன்றுக்கு "வேண்டாம் அத்தை" என்றால் அந்தச் சொல்லுக்கு மதிப்பு உண்டு.

ஆனால் விட்டுக்கொடுக்கக் கூடாதவையும் உண்டு. ஒரு வயது நிறையும் முன் சேனைத் தேன் நாக்கில் படக் கூடாது. அதில் இருக்கக்கூடிய கிருமி சிசுவின் குடலில் நஞ்சாகலாம். மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்குக் காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால், கை மருந்து பார்க்கலாம் என்று யார் சொன்னாலும் காத்திருக்கக் கூடாது. அப்போது வாதாடி நிற்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். "நீங்களும் வாங்க அத்தை" என்று மாமியாரையும் கூடவே அழைத்துப் போங்கள்.