ஓங்கி அடித்தால் இறுகாது

வெல்டிங் பட்டறைகளில் அடிக்கடி காணக்கூடிய காட்சி இது. ஃபிக்சர் மேல் தகட்டை வைத்து, டாகிள் கிளாம்பின் கைப்பிடியை உதவியாள் மெல்லத் தள்ளி மூடுகிறான். 'டக்'கென்று சத்தம் வருகிறது. மேஸ்திரிக்கு அது போதவில்லை. "நல்லா அடிச்சு மூடுடா, வேலை நடுவுல தகடு நகந்துரும்" என்கிறார். பையன் உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டு தட்டுகிறான். சத்தம் பெரிதாகக் கேட்கிறது. மேஸ்திரிக்கு நிம்மதி. தகட்டின் மேல் விழும் அழுத்தம் மட்டும் முன்பு இருந்த அதே அளவில்தான் இருக்கிறது.

கைப்பிடியை எவ்வளவு பலமாக அழுத்துகிறோமோ கிளாம்ப் அவ்வளவு இறுக்கிப் பிடிக்கும் என்பது பட்டறைகளில் வேரூன்றிப்போன நம்பிக்கை. படித்தவர்களிடம் இதற்கு ஒரு கௌரவமான வடிவமும் உண்டு: "இணைப்புத் தண்டுகள் நேராகும்போது விசை முடிவிலியாகிவிடும்." பாடப்புத்தகச் சூத்திரத்தைப் பாதியில் நிறுத்திப் படித்ததால் வந்த வினை இது.

சூத்திரத்தில் பிழை ஏதுமில்லை. சம நீளமுள்ள இரண்டு தண்டுகள் நடுவில் ஒரு பின்னால் இணைந்து, மடங்கிய முழங்கால் போல நிற்கின்றன. ஒரு முனை அசையாமல் இருக்கிறது, மறுமுனை வேலைத்துண்டை நோக்கி நகர்கிறது. முழங்காலை P விசையால் அழுத்துகிறோம். நேர்கோட்டிலிருந்து ஒவ்வொரு தண்டும் θ கோணம் விலகி நிற்கிறது என்றால், முனையில் கிடைக்கும் விசை:

F = P / (2 tan θ)

கை 10 கிலோ அழுத்தம் தருகிறது, நெம்புகோலாக வேலை செய்யும் கைப்பிடி அதை நான்கு மடங்காக்கி முழங்காலுக்கு 40 கிலோவாகக் கொடுக்கிறது என்று வைப்போம். கோணம் 20 டிகிரியாக இருக்கும்போது முனையில் சுமார் 55 கிலோ. 5 டிகிரியில் 229 கிலோ. 1 டிகிரியில் 1,146 கிலோ. சுழியத்தில் முடிவிலி. கல்லூரி மாணவன் இந்த எண்களைப் பார்த்து வாய்பிளந்து, பரீட்சையில் எழுதி, மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறான்.

அவன் கேட்க மறந்த கேள்வி ஒன்று இருக்கிறது: 1,146 கிலோவை எதிர்த்து நிற்பது யார்? கையும் எதிர்ப்பும் சமமாக நிற்கும்போது மட்டுமே இந்தச் சூத்திரம் பொருந்தும். எதிரே ஒன்றும் இல்லாமல் வெறும் கிளாம்பை மூடினால், தண்டுகள் எவ்வளவு நேரானாலும் முனையில் விசை இருக்காது. கல் உடைக்கும் ஜா கிரஷரிலும் இதே கதைதான். 1858-இல் எலி விட்னி பிளேக் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய அந்த இயந்திரத்தில் தாடையை அசைப்பது இதே முழங்கால் அமைப்பு. உள்ளே கருங்கல் விழுந்தால் பொடியாக்கும். காலியாக ஓடினால் தாடை சும்மா ஆடிக்கொண்டிருக்கும். இயந்திரம் ஒன்றுதான், விசையைத் தீர்மானிப்பது கல்.

கிளாம்பில் அந்தக் கல்லின் இடத்தில் இருப்பது எஃகின் நெகிழ்ச்சி. மூடும்போது கிளாம்பின் கை, பின், பேஸ் பிளேட், தகடு எல்லாமே கண்ணுக்குத் தெரியாத அளவில் வளைந்தும் நசுங்கியும் கொடுக்கின்றன. எவ்வளவு கொடுக்கின்றனவோ அந்த அளவுக்குத்தான் பிடி. ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். தண்டு ஒவ்வொன்றும் 50 மி.மீ. கோணம் 5 டிகிரியாக இருக்கும்போது எஃகு முனையுள்ள ஸ்பிண்டில் தகட்டைத் தொடுகிறது. அங்கிருந்து தண்டுகள் முழுக்க நேராகும்வரை முனை நகர வேண்டிய தூரம் 0.38 மி.மீ. மட்டுமே. கிளாம்பும் தகடும் சேர்ந்து 1 மி.மீ. நசுங்க 500 கிலோ தேவை என்று கொண்டால், முழுக்க மூடியபோது பிடி 190 கிலோ. அழுத்துகிறவரின் கை இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை.

கை செய்வதெல்லாம் வழியில் இருக்கும் ஒரு மேட்டைத் தாண்டுவதுதான். தகட்டைத் தொட்டதிலிருந்து எதிர்ப்பு ஏறிக்கொண்டே போகிறது, ஆனால் tan θ குறைந்துகொண்டே வருகிறது. இரண்டையும் பெருக்கினால், கைக்கு அதிக பாரம் தெரிவது 2.9 டிகிரியில், உராய்வை விட்டுவிட்டால் அங்கே கைப்பிடியில் தேவைப்படுவது 3.2 கிலோதான். பிறகு பாரம் இறங்குகிறது. 1 டிகிரியில் பிடி 183 கிலோவைத் தொட்டிருக்கும், ஆனால் கைக்குத் தெரிவது 1.6 கிலோ. நேர்கோட்டில் பாரமே இல்லை. அதைத் தாண்டி ஒரு துளி சென்றதும் கைப்பிடி தடையில் மோதி நிற்கிறது. அந்த 'டக்' இதுதான். அங்கே 10 கிலோவோ 30 கிலோவோ அழுத்துகிறவன் தடையைத்தான் அழுத்துகிறான். ஓங்கி அடித்தால் ஓங்கிய அடி தடைக்கும் ரிவிட்டுக்கும் போய்ச் சேர்கிறது.

அப்படியானால் பிடியைக் கூட்டுவது எது? ஸ்பிண்டில்தான். அந்தத் திருகாணியை M8 என்று கொண்டால், ஒரு முழுச் சுற்றுக்கு 1.25 மி.மீ. முன்னேறும். லாக் நட்டைத் தளர்த்தி அரைச் சுற்று வெளியே கொண்டுவந்தால் நசுக்கம் 0.38-லிருந்து ஏறக்குறைய 1 மி.மீ. ஆகிறது, பிடி 500 கிலோ. கையில் தெரியும் உச்சப் பாரம் 3.2-லிருந்து சுமார் 13.6 கிலோவுக்கு ஏறுகிறது. அரைச் சுற்றுக்கே இத்தனை மாற்றம்! இதைத் தெரியாமல் ஒரு முழுச் சுற்றுத் திருகிவிட்டு, கிளாம்ப் மூட மறுக்கிறது என்று கைப்பிடியில் ஜிஐ பைப்பை மாட்டி நெம்புகிறவர்கள் உண்டு. அப்போது கிளாம்ப் தாங்க வேண்டியது 800 கிலோவுக்கு மேல். பின் துளைகள் முட்டை வடிவமாவதும், பேஸ் பிளேட் போல்ட் இழுபடுவதும் இப்படித்தான். பழி என்னவோ "மட்டமான கிளாம்ப்" என்று வாங்கிய இடத்தின் மேல் விழுகிறது.

இதன் மறுபக்கம் இன்னும் ஆபத்தானது, ஏனென்றால் அது சத்தமில்லாமல் வருகிறது. 3 மி.மீ. என்று சொல்லி வந்த தகடு 2.8 மி.மீ. இருந்துவிட்டால் 0.38-இல் 0.2 போய்விடுகிறது. 190 கிலோ பிடி 90 ஆகச் சரிகிறது. பின்களும் புஷ்களும் தேய்ந்து சேர்ந்த விளையாட்டும் இதே 0.38-ஐத்தான் தின்கிறது. ஆனால் 'டக்' சத்தம் அப்படியே வரும், கைப்பிடியும் பூட்டிக்கொண்டு நிற்கும். மேஸ்திரியின் காது அங்கே ஏமாந்துபோகிறது. தகடு நகர்ந்த பிறகு "பையன் சரியா அடிக்கலை" என்று தீர்ப்பு வரும்.

விற்பனைப் பட்டியலில் அச்சடித்திருக்கும் கிலோவும் இந்தக் குழப்பத்துக்கு எண்ணெய் ஊற்றுகிறது. அது பெரும்பாலும் தாங்கு திறன். மூடிய கிளாம்ப் நிரந்தரமாக வளையாமல் எவ்வளவு சுமையை எதிர்த்து நிற்கும் என்பதற்கான எண். மூடும்போது அத்தனை கிலோ அழுத்தும் என்று அது எங்கும் சொல்லவில்லை.

உராய்வையும் சேர்த்தால் முடிவிலிக் கதை இன்னும் வெளுத்துவிடும். 6 மி.மீ. பின்னும் எண்ணெய் காய்ந்த துளையும் இருந்தால், கடைசி 1 டிகிரி அளவில் சூத்திரத்தை உராய்வே விழுங்கிவிடும். அதே உராய்வுதான் கிளாம்ப் தானாகத் திறந்துகொள்ளாமல் கொஞ்சம் உதவுகிறது. ஆனால் அதிர்வு உள்ள இடத்தில் அதை நம்ப முடியாது. நேர்கோட்டைச் சற்றுத் தாண்டி நிற்பதே பூட்டு.

சோதிக்க நினைப்பவருக்குச் செலவு அதிகமில்லை. காய்கறிக்காரர் கையில் தொங்கும் ஸ்பிரிங் தராசு போதும். அதைக் கைப்பிடி முனையில் மாட்டி, கைப்பிடி போகும் திசையிலேயே மெதுவாக இழுத்து மூட வேண்டும். முள் தொடும் உச்சத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். நன்றாகப் பிடித்த நாளில் 6 கிலோ காட்டிய கிளாம்ப் இன்று 2 கிலோ காட்டினால், இதே கணக்கின்படி பிடி பாதிக்கும் கீழே போய்விட்டது. அப்போது எடுக்க வேண்டியது ஸ்பேனர். லாக் நட்டைத் தளர்த்தி ஸ்பிண்டிலைக் கால் சுற்று விட்டு, மறுபடி தராசை மாட்டிப் பார்க்க வேண்டும்.