உதவித்தொகை பெறும் மாணவர்: பிடித்த வரியை முதலில் பாருங்கள்

பகுதிநேர வேலையும் உதவித்தொகையும் உள்ள மாணவர் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டுமா என்று கேட்டு வந்தால், இரண்டையும் கூட்டி நான்கு லட்சத்தைத் தாண்டுகிறதா என்று பார்ப்பது நம்மில் பலரின் வழக்கம். இந்த வழக்கம் இரண்டு இடங்களில் தவறுகிறது.

2025-26 நிதியாண்டுக்கான ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். முதுகலை மாணவி ஒருவருக்கு மாதம் 12,000 ரூபாய் உதவித்தொகை. மாலையில் பயிற்சி மையத்தில் பாடம் எடுக்க மாதம் 22,000 ரூபாய். மையம் இதைச் சம்பளமாகக் கொள்ளாமல் தொழில்முறைக் கட்டணமாகக் கணக்கிட்டு, 194ஜே பிரிவின்படி பத்து சதவீதம் பிடிக்கிறது. பிடித்தத்துக்கு முன் ஆண்டு முழுவதற்குமான மொத்த வரவு 4,08,000 ரூபாய்.

இதில் 1,44,000 ரூபாய் உதவித்தொகை. கல்விச் செலவை ஈடுகட்டத் தரப்படும் உதவித்தொகை 10(16) பிரிவில் முழு விலக்குப் பெற்றது; புதிய வரி முறையிலும் அந்த விலக்கு உண்டு. தாக்கல் கடமையை அளக்கும்போது மீண்டும் கூட்டிப் பார்க்கச் சட்டம் சொல்லும் சில கழிவுகளின் பட்டியலிலும் அது இல்லை. எனவே அளவுகோலுக்கு வருவது 2,64,000 ரூபாய் மட்டுமே. புதிய முறையின் வரம்பான நான்கு லட்சத்துக்குக் கீழே. (பன்னிரண்டு லட்சம் என்பது தள்ளுபடிக்கான எல்லை, தாக்கல் கடமையின் எல்லை அதுவல்ல.) ஆனால் அந்த விலக்கு நம் வாய்ச்சொல்லில் நிற்காது, வழங்கல் கடிதத்தைப் படிக்க வேண்டும். வகுப்பெடுப்பதற்கோ ஆய்வகப் பணிக்கோ ஈடாகத் தரப்பட்ட தொகையென்றால், பெயர் உதவித்தொகை என்றிருந்தாலும் அது ஊதியமாகப் பார்க்கப்படும்.

அப்படியானால் தாக்கல் தேவையில்லை என்று மாணவியை அனுப்பிவிடலாமா? கூடாது. பிடித்த வரி 26,400 ரூபாய். டி.டி.எஸ்., டி.சி.எஸ். இரண்டும் சேர்ந்து 25,000 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால், வருமானம் வரம்புக்குக் கீழே இருந்தாலும் 12ஏ.பி. விதி தாக்கலைக் கட்டாயமாக்குகிறது. கட்டாயம் என்பதால் காலந்தாழ்ந்தால் 234எஃப் பிரிவின் ஆயிரம் ரூபாய்க் கட்டணமும் வரும். பிடித்த தொகை முழுதும் திரும்பக் கிடைப்பதும் தாக்கல் செய்தால்தான். இந்த மாணவிக்கு 26,400 ரூபாய் மையம் தரும் ஒரு மாதக் கட்டணத்தை விட அதிகம். அதை இழக்கவைக்கும் அலட்சியத்தை நாம் செய்யக்கூடாது.

இவர் ஐ.டி.ஆர்.-1 படிவத்தைப் பயன்படுத்த முடியாது, சம்பளமல்லாத தொழில் வருமானம் என்பதால். உதவித்தொகையை விலக்கு வருமானப் பகுதியில் காட்டுங்கள். பின்னாளில் வங்கி வரவு பற்றிக் கேள்வி வந்தால் அதுவே பதில்.

இனி மாணவர் யாராவது வந்தால், வருமானத்தைக் கேட்பதற்கு முன் 26ஏ.எஸ். அறிக்கையைத் திறந்து பாருங்கள்.