சம்பளம் உயரவில்லையா? நேரத்தைக் கேளுங்கள்!

"இந்த வருடம் யாருக்கும் சம்பள உயர்வு இல்லை. பட்ஜெட்டை நிறுத்தி வைத்துவிட்டார்கள்."

மானேஜர் இப்படிச் சொன்னதும் பலர் என்ன செய்கிறார்கள்? "சரி, சார்" என்று சொல்லிவிட்டுத் தங்கள் இடத்துக்குத் திரும்பி விடுகிறார்கள்.

அப்படி வெறுங்கையோடு திரும்ப வேண்டியது இல்லை. நிறுத்தப்பட்டு இருப்பது சம்பளக் கணக்கு. லீவும், வேலை நேரமும் அந்தக் கணக்கில் வருவது இல்லை. பயிற்சிச் செலவைக்கூடப் பல நிறுவனங்கள் தனிக் கணக்கில்தான் எழுதுகின்றன. சம்பளக் கதவு மூடி இருக்கும்போது, இந்த மூன்று கதவுகளையும் தட்டிப் பார்க்கலாம்.

முதலாளியின் கணக்கு

சம்பளத்தை உயர்த்த முதலாளி ஏன் தயங்குகிறார்? அதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

கோவையில் ஒரு வியாபார நிறுவனம். அங்கே ஒரு பெண் 8 ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதச் சம்பளம் 26 ஆயிரம் ரூபாய். அது முழுவதும் அடிப்படைச் சம்பளம்.

அவர் 10 சதவீத உயர்வு கேட்கிறார். அதாவது மாதம் 2,600 ரூபாய். வருடத்துக்கு 31,200 ரூபாய்.

செலவு அதோடு நிற்பது இல்லை. கிராஜுவிட்டி என்னும் பணிக்கொடையைக் கடைசியாக வாங்கிய சம்பளத்தை வைத்தே கணக்கிடுகிறார்கள். வேலை பார்த்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம். மாதத்துக்கு 26 நாள் என்பது கணக்கு. ஆகவே இன்று 2,600 ரூபாய் உயர்த்தினால், கடந்துபோன 8 வருடங்களுக்கும் சேர்த்துப் பணிக்கொடை 12 ஆயிரம் ரூபாய் கூடிவிடும்!

மேலும், ஒரு முறை உயர்த்திய சம்பளத்தைப் பிறகு குறைப்பது கடினம். ஆண்டுதோறும் கொடுத்தாக வேண்டும். முதலாளி அஞ்சுவது இதற்குத்தான்.

லீவுக்கும் நேர மாற்றத்துக்கும் இந்தத் தொல்லை இல்லை. வேலை தங்காமல் நடந்தால், பெட்டியில் இருந்து ஒரு ரூபாய்கூட வெளியே போகாது.

இருப்பதையே கேட்காதீர்கள்

லீவு கேட்பதற்கு முன்பு, சட்டப்படி எவ்வளவு லீவு உண்டு என்று பார்க்க வேண்டும்.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ம் ஆண்டுச் சட்டம். அதன்படி, 12 மாதம் தொடர்ந்து வேலை செய்தவருக்கு அடுத்த 12 மாதத்தில் 12 நாள் சம்பளத்தோடு லீவு உண்டு. நோய்க்காக 12 நாள் வரை லீவு எடுக்கலாம். தக்க காரணம் இருந்தால் தற்செயல் லீவும் 12 நாள் வரை எடுக்கலாம். தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கு வேறு சட்டம் இருக்கிறது.

சில இடங்களில் இந்த லீவையே முழுவதும் கொடுப்பது இல்லை. பிறகு, "சம்பளம் உயர்த்த முடியவில்லை. அதற்குப் பதிலாக 6 நாள் லீவு தருகிறோம்" என்பார்கள். அது சலுகை அல்ல. ஏற்கனவே உங்களுக்குச் சேரவேண்டிய பாக்கி. பேரம் என்பது அதற்கு மேலே உள்ளதைப் பற்றித்தான் இருக்க வேண்டும்.

எப்படிக் கேட்பது?

அந்தக் கணக்கர் அம்மாள் மானேஜரிடம் போகிறார். எடுத்த எடுப்பில் எதையும் கேட்கவில்லை. முதலில் இரண்டு கேள்விகள் கேட்கிறார்.

"சம்பளத்தை நிறுத்தி வைத்தது எல்லோருக்கும்தானா, சார்? எந்த மாதம் வரை?"

"எல்லோருக்கும்தான், அம்மா. மார்ச் வரை."

இந்தப் பதில் முக்கியமானது. முடிவு தேதி தெரிந்துவிட்டது அல்லவா? இனிக் கேட்பது எல்லாம் அந்தத் தேதி வரைக்கும் ஓர் ஈடு. சம்பள உயர்வைக் கைவிட்டதாக ஆகாது.

"அப்படியானால், காலை 9½ மணிக்குப் பதிலாக 8½ மணிக்கு வந்து, மாலை 6 மணிக்குப் பதிலாக 5 மணிக்குப் போகிறேன், சார். வேலை நேரம் குறையாது."

"உங்களுக்குக் கொடுத்தால் மற்றவர்களும் கேட்பார்களே!"

இந்தப் பேச்சு எழும் என்று அவருக்குத் தெரியும். பதிலையும் தயாராக வைத்து இருக்கிறார்.

"மூன்று மாதம் பார்ப்போம், சார். ஒரு வேலையாவது தங்கினால் பழைய நேரத்துக்கே வந்துவிடுகிறேன். ஜி.எஸ்.டி. தாக்கல் செய்யும் 11-ந் தேதியிலும், 20-ந் தேதியிலும் வேலை முடியும்வரை இருப்பேன்."

மானேஜரின் கவலை, வேலை தங்கிவிடுமோ என்பதுதான். எந்த நாளில் நெருக்கடி என்று கேட்பவரே எடுத்துச் சொன்னால், அந்தக் கவலை குறையும். "எனக்கு வீட்டில் கஷ்டம்" என்று மட்டும் சொன்னால் குறையாது.

மூன்றையும் ஒரே மூச்சில் கேட்கக் கூடாது. மிகவும் தேவையானதை முதலில் கேட்கவேண்டும். அது முடிந்த பிறகு அடுத்தது.

எவ்வளவு கிடைத்தது?

நேர மாற்றம் கிடைத்தது. மாலையில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் இடத்துக்குக் கொடுத்த 800 ரூபாய் மாதந்தோறும் மிச்சம். வருடத்துக்கு 9,600 ரூபாய்.

சட்டப்படி உள்ளதற்கு மேலே 6 நாள் லீவு கிடைத்தது. ஒரு நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய். ஆக, 6 ஆயிரம்.

கணக்குப் பயிற்சி வகுப்புக்கு 9 ஆயிரம் ரூபாய் கட்டணத்தை நிறுவனமே கட்டியது.

மொத்தம் 24,600 ரூபாய். கேட்ட 31,200 ரூபாய்க்கு இது குறைவுதான். அடுத்த வருடம் பயிற்சிக் கட்டணம் இராது. 15,600 ரூபாயாகச் சுருங்கிவிடும். ஆகவேதான் இது ஈடு. சம்பள உயர்வு ஆகாது.

எழுத்தில் இருக்கட்டும்

வாயால் கொடுத்த வாக்கு, மானேஜர் மாறினால் மறைந்துவிடும். பேசிய அன்றே ஒரு கடிதமோ, இ-மெயிலோ அனுப்ப வேண்டும். எந்தத் தேதியில் இருந்து புதிய நேரம், எத்தனை நாள் கூடுதல் லீவு, எடுக்காத லீவு அடுத்த வருடத்துக்குச் சேருமா, சம்பளத்தைப் பற்றி மீண்டும் எந்த மாதம் பேசுவது - இந்த நான்கும் அதில் இருந்தால் போதும்.

பயிற்சியில் ஒரு கண்ணி உண்டு. "இத்தனை வருடம் வேலையை விடக்கூடாது. விட்டால் பணத்தைத் திருப்பிக் கட்டவேண்டும்" என்று கையெழுத்துக் கேட்பார்கள். கையெழுத்துப் போடும் முன்பு மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். உண்மையான கட்டணத்துக்கு மேலே தொகை எழுதி இருக்கக் கூடாது. மாதம் ஆக ஆக அந்தத் தொகை குறைந்துகொண்டே வரவேண்டும். நிறுவனமே வேலையை விட்டு நீக்கினால் எதுவும் கட்டவேண்டியது இல்லை என்று இருக்க வேண்டும்.

எப்போது ஏற்கக் கூடாது?

லீவைக் கொடுத்து அரிசி வாங்க முடியாது. கடனும் வாடகையும் கழுத்தை நெரிக்கும் குடும்பத்துக்கு இந்த ஈடு பயன்படாது. அரசாங்கம் நிர்ணயித்த குறைந்தபட்சச் சம்பளத்துக்கும் கீழே வாங்குகிறவர் இந்தப் பேரத்துக்கே போகக் கூடாது. அந்தச் சம்பளத்தைக் கொடுப்பது முதலாளியின் கடமை. "பட்ஜெட் இல்லை" என்பது அதற்குப் பதில் ஆகாது.

இன்னொரு அடையாளமும் உண்டு. லீவைக் கொடுத்துவிட்டு, எடுக்கும்போது எல்லாம் "இப்போது முடியாது" என்று சொன்னால், கொடுத்தது காகிதம்தான். சொன்ன மாதம் வந்தும், "இந்த வருடமும் இல்லை" என்று இரண்டாம் முறை சொன்னால், அது தற்காலிக நிறுத்தம் அல்ல. அப்போது கேட்கவேண்டியது லீவு அல்ல. வேறு இடத்தில் என்ன சம்பளம் என்று விசாரிக்க வேண்டிய நேரம் அது. கற்றுக்கொண்ட பயிற்சி அங்கேயும் கூடவே வரும்.