ராத்திரி ரெண்டு மணின்னா எந்த ராத்திரி?

விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பும் சீசன் வந்தாச்சு. டிக்கெட், பெட்டி எடை எல்லாம் நாலு தடவை பார்ப்போம். காருக்கு மட்டும் "அண்ணே, பதினாறாம் தேதி ராத்திரி ரெண்டு மணிக்கு வந்திடுங்க" என்று ஒரு போன் போட்டு முடித்துவிடுவோம். பர்மிங்ஹாமில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இப்படித்தான் சொல்லிவிட்டு, குழந்தைகளோடு சென்னையில் விடியும்வரை உட்கார்ந்திருந்தது. டிரைவர் மேல் தப்பில்லை. அவர் கணக்கில் பதினாறாம் தேதி ராத்திரி என்றால், பதினாறாம் தேதி சாப்பிட்டுப் படுக்கப் போகிற ராத்திரி. டிக்கெட்டின் கணக்கில் அது பதினேழு ஆகிவிடுகிறது.

அதனால் நான் வந்து இறங்கும் நேரத்தைச் சொல்வதோடு, அவர் கிளம்பும் நேரத்தையும் சொல்லுவேன். என் பயணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். லண்டன், துபாய், சென்னை. அங்கிருந்து காரில் கும்பகோணம். சென்னையில் இறங்குவது ஜூலை 16, புதன், அதிகாலை 2.10. டிரைவருக்கு நான் அனுப்பிய செய்தி இது:

"அண்ணே, செவ்வாய்க்கிழமை ராத்திரி 8 மணிக்கு கும்பகோணத்துல கிளம்பணும். விடிஞ்சா புதன். பிளைட் 2.10க்கு இறங்கும், நாங்க வெளிய வர 3.15 ஆகும்."

இமிக்ரேஷன், பெட்டி, கஸ்டம்ஸ் எல்லாம் முடிய ஒரு மணி நேரமாவது வேண்டும். 2.10க்கே வந்து நின்றால் அவருக்கு பார்க்கிங் காசுதான் ஏறும்.

"சரிங்கக்கா" என்றார். அந்தச் சரியோடு விடக்கூடாது. "எந்தக் கிழமை வண்டி எடுப்பீங்கண்ணே?" என்று திருப்பிக் கேட்டேன். "செவ்வாக்கிழமை சாப்டுட்டு எடுத்துருவேங்க" என்ற பிறகுதான் நிம்மதி.

அடுத்தது பிளைட் நம்பர். துபாய்-சென்னை விமானத்தின் நம்பரைக் கொடுக்க வேண்டும். லண்டனில் ஏறுகிற விமானத்தின் நம்பரைக் கொடுத்துப் பயனில்லை. டிக்கெட்டில் Operated by என்று வேறு கம்பெனி பெயர் இருந்தால், விமானத்தை நிஜமாக ஓட்டும் கம்பெனியின் நம்பரையும் சேர்த்துக் கொடுங்கள்.

ஆனால் நம்பரை மட்டும் நம்பினால் ஒரு வில்லங்கம் உண்டு. லண்டன் விமானம் தாமதமாகி துபாயில் அடுத்த விமானத்தை நாம் தவறவிட்டால், அந்த விமானம் பாட்டுக்கு நேரத்துக்கு சென்னை போய்விடும். டிரைவர் போனில் 'லேண்டட்' என்று காட்டும். நாம் மட்டும் அதில் இருக்க மாட்டோம்.

அதற்குத்தான் மூன்று செய்திகள். லண்டனில் விமானம் புறப்படும்போது ஒன்று. துபாயில் இறங்கியதும் ஒன்று. துபாயில் இரண்டாவது விமானத்தில் உட்கார்ந்ததும் "ஏறிட்டோம்" என்று ஒன்று. இரண்டாவது செய்திதான் முக்கியம். துபாயில் நான் இறங்குவது அங்கே மாலை 6.10, நம்ம ஊரில் இரவு 7.40. அவர் கிளம்ப இருபது நிமிஷம் முன்னால். அந்தச் செய்தி வராமல் வண்டியை எடுக்க வேண்டாம் என்பது எங்கள் பேச்சு. மூன்றாவது செய்தி போகும்போது அவர் சேத்தியாத்தோப்பு பக்கம் வந்திருப்பார். "ஏறலை" என்றால் அங்கேயே வண்டியைத் திருப்பலாம். துபாய் ஏர்போர்ட்டில் வைஃபை இலவசம். வாட்ஸப்பில் கால் பண்ண முயற்சிக்காமல் எழுதி அனுப்புங்கள். அங்கே வாட்ஸப் கால் பொதுவாகப் போகாது.

லேட்டானால் என்ன செய்வது என்பதையும் கிளம்பும் முன்பே பேசிவிட வேண்டும். நாங்கள் பேசிக்கொண்டது இது. வண்டி எடுக்கும் முன்பே தெரிந்தால், எவ்வளவு நேரம் லேட்டோ அவ்வளவு தள்ளிக் கிளம்புவார். கூடுதல் காசு இல்லை. வழியில் இருக்கும்போது தெரிந்தால் இரண்டு மணி நேரம் வரை சும்மா காத்திருப்பார். அதற்கு மேல் மணிக்கு இவ்வளவு என்று வெயிட்டிங் சார்ஜ். பாதி வழியில் திரும்ப நேர்ந்தால் ஓடின கிலோமீட்டருக்குக் காசு. பார்க்கிங்கும் டோலும் என் பொறுப்பு.

காத்திருக்கும் நேரத்தில் அவர் தூங்க வேண்டும் என்பதையும் கறாராகச் சொன்னேன். ராத்திரி முழுக்க ஓட்டி வந்தவர், விடியற்காலையில் மறுபடி ஆறு ஏழு மணி நேரம் நம் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஓட்டப் போகிறார். விமானம் லேட் என்றால் அவருக்கு அது தூக்கம். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை போன் போட்டு அதைக் கெடுக்க வேண்டாம்.

கடைசியாக, என் செய்தியே வராவிட்டால்? சென்னையில் இருக்கும் என் சித்தப்பா நம்பர் டிரைவரிடம் உண்டு, டிரைவர் நம்பர் சித்தப்பாவிடம் உண்டு. ராத்திரி 8 மணி வரை தகவல் இல்லை என்றால் அவர் சித்தப்பாவைக் கூப்பிடுவார். கிளம்புவதா இல்லையா என்பது சித்தப்பா முடிவு. டிரைவர் பெயர், நம்பர், வண்டி நம்பர் மூன்றையும் ஒரு காகிதத்தில் எழுதி பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் இறங்கும்போது போனில் சார்ஜ் இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.