மேலாளரின் ஒப்புதல் எதற்கு, எதற்கு இல்லை

பல சிறு நிறுவனங்களின் விடுப்புக் கையேட்டில் ஒரே வரிதான் இருக்கிறது: "எல்லா விடுப்பும் மேலாளரின் ஒப்புதலுக்கு உட்பட்டது." மனிதவளப் பணியில் இருக்கும் நாம் எழுதும் வரிகளிலேயே அதிகச் சச்சரவைக் கிளப்புவது இதுதான்.

ஒரு சூழலை எண்ணிப் பாருங்கள். ஒரு நிறுவனத்துக்கு ஜாலான் புசாரில் ஒரு கடை, தேக்காவில் ஒரு கடை. இரண்டிலும் வாரத்துக்கு ஆறு நாள் வேலை. ஜூலைத் தொடக்கத்தில் கடைக்கு ஒருவராக இரு ஊழியர்கள் தந்தையாகிறார்கள். இருவர் குழந்தைகளும் சிங்கப்பூர்க் குடிமக்கள். மற்ற தகுதிகளும் இருவருக்கும் உண்டு. ஒருவர் தந்தையர் விடுப்பின் நான்கு வாரத்தையும் சேர்த்துக் கேட்கிறார். மேலாளர் "ஆள் இல்லை" என்று மறுக்கிறார். மற்றவர் வாரம் இரண்டு நாளாகப் பிரித்துக் கேட்கிறார். அங்குள்ள மேலாளர் உடனே சம்மதிக்கிறார்.

2025 ஏப்ரல் 1 முதல் அரசாங்கம் சம்பளம் ஈடுசெய்யும் தந்தையர் விடுப்பு நான்கு வாரம், அது கட்டாயம். உடன்பாடு எட்டாவிட்டால், பிறப்பிலிருந்து 16 வாரத்துக்குள் அதைத் தொடர்ச்சியாக எடுக்கும் உரிமை தந்தைக்கு உண்டு. ஆகவே முதல் மேலாளருக்கு மறுக்க இடமே இல்லை. பிரித்து எடுப்பதற்குத்தான் இருதரப்பு உடன்பாடு வேண்டும். அப்போது ஆறு நாள் வாரத்துக்கு மொத்தம் 24 நாள், 12 மாதத்துக்குள் முடிய வேண்டும். வாசகம் இப்படி இருக்கலாம்:

"தகுதியுள்ள தந்தை நான்கு வார முன்னறிவிப்பு தந்தால், பிறப்பிலிருந்து 16 வாரத்துக்குள் நான்கு வார விடுப்பைத் தொடர்ச்சியாக எடுக்கலாம். இதற்கு ஒப்புதல் தேவையில்லை. பிரித்து எடுக்க விரும்பினால் மேலாளரும் ஊழியரும் தேதிகளை எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும்."

மகப்பேறு விடுப்புக்கும் இதே பிரிப்பு தேவை. குடிமகக் குழந்தையின் தாய்க்கு 16 வாரம். பிற்பகுதியான எட்டு வாரத்தை நெகிழ்வாக எடுப்பது உடன்பாட்டைச் சார்ந்தது.

குழந்தை குடிமகன் இல்லையெனில் தாய்க்கு வேலை நியமனச் சட்டப்படி 12 வாரம். தந்தைக்குச் சட்டப்படி தந்தையர் விடுப்பு இல்லை. வெளிநாட்டு ஊழியர் நிறைந்த கடைகளில் இந்தக் கேள்வி கட்டாயம் எழும். நிறுவனம் ஏதேனும் தருமா, எத்தனை நாள் என்பதைக் கையேடு சொல்லாவிட்டால் ஒவ்வொரு மேலாளரும் தம் மனம்போல் தீர்ப்பார்.

சம்பளமில்லா விடுப்பில்தான் குழப்பம் அதிகம். இரண்டு வயது நிரம்பாத குடிமகக் குழந்தையின் பெற்றோர் ஒவ்வொருவருக்கும், மூன்று மாதம் பணியாற்றியிருந்தால், ஆண்டுக்கு 12 நாள் சம்பளமில்லா விடுப்பு சட்டம் தந்த உரிமை. ஊருக்குப் போக ஒருவர் கேட்கும் சம்பளமில்லா விடுப்போ நிறுவனத்தின் விருப்பம். இரண்டையும் ஒரே தலைப்பில் எழுதினால் உரிமையும் சலுகையாகிவிடும். இரண்டுக்கும் தனித் தலைப்பு கொடுங்கள். சலுகை விடுப்பை யார், எந்த அடிப்படையில், எத்தனை நாளுக்குள் முடிவு செய்வார் என்பதையும் எழுதுங்கள்.

உங்கள் கையேட்டை எடுத்து, "ஒப்புதல்" என்ற சொல் வரும் இடமெல்லாம் அது விடுப்புக்கா, தேதிக்கா, பிரித்து எடுப்பதற்கா என்று குறித்துத் திருத்துங்கள்.