ஒப்படைப்பை எழுதுமுன் அனுப்ப வேண்டிய ஒரு மின்னஞ்சல்

துபாயின் அல் கூஸ் பகுதியில் அச்சகங்களும் பண்டகசாலைகளும் வாகனப் பட்டறைகளும் நெருங்கி நிற்கின்றன. அங்கே பணிபுரியும் தமிழர் பலரின் பிள்ளைகள் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டு ஆஸ்திரேலியா, பிரித்தானியா, கனடா எனப் பிரிந்து செல்கின்றனர். கல்விக் கட்டணம், தங்குமிடம், விசா ஆகிய அனைத்தையும் விசாரித்தறியும் பெற்றோர், ஒன்றை மட்டும் விசாரிப்பதில்லை. ஒப்படைப்பு எழுதும்போது பிள்ளை யாரிடம், எந்த அளவு உதவி பெறலாம் என்பதே அது. அதைப் பெற்றோர் விசாரிக்கவும் இயலாது. மாணவரே பாட ஒருங்கிணைப்பாளருக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்க வேண்டும்.

அவ்வாறு கேட்பது அறியாமையைக் காட்டிக்கொள்வதாகும் என்ற தயக்கம் தமிழ் மாணவரிடையே பரவலாக உள்ளது. அத்தயக்கத்தின் விலை பெரிது.

சிட்னியில் நடந்தது

2014 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் சிட்னி மோர்னிங் ஹெரால்ட் நாளிதழ், மைமாஸ்டர் என்ற நிறுவனத்தின் செயல்களை வெளிக்கொணர்ந்தது. சீன மொழியில் இயங்கிய அந்நிறுவனம், பணம் பெற்றுக்கொண்டு மாணவருக்காக ஒப்படைப்புகளை எழுதிக் கொடுத்தது. இணையவழித் தேர்வுகளையும் அவர்களுக்குப் பதிலாக எழுதியது. 16 பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஏறத்தாழ ஆயிரம் மாணவர் அதனைப் பயன்படுத்தியதாக நாளிதழ் எழுதியது. பின்னர் நடந்த விசாரணைகளில் பலர் தண்டிக்கப்பட்டனர். தாம் வழங்கிய பட்டத்தையே திரும்பப் பெற்ற பல்கலைக்கழகமும் உண்டு.

இங்கே கவனிக்க வேண்டியது, அந்நிறுவனம் எந்த மாணவரைத் தேடிச் சென்றது என்பதாகும். ஆங்கிலத்தில் தடுமாறுபவர், குடும்பத்தின் பெருஞ்செலவில் வந்திருப்பவர், தோல்வியுற்றால் விசாவை இழக்க நேருமோ என அஞ்சுபவர், யாரிடம் கேட்பதென்று அறியாதவர் ஆகியோரே அதன் வாடிக்கையாளர். அந்நிறுவனம் சீன மொழியில் விளம்பரம் செய்தது. மற்றொன்று தமிழில் செய்யலாம். ஆளும் அச்சமும் ஒன்றே.

இதன் பிறகு 2020-இல் ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் ஒரு சட்டத்தை இயற்றியது. ஒப்படைப்பை எழுதிக் கொடுக்கும் தொழிலைச் செய்வோருக்கும் விளம்பரப்படுத்துவோருக்கும் இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க அது இடமளிக்கிறது. இங்கிலாந்து 2022-இல் இத்தொழிலைக் குற்றமாக்கியது. இச்சட்டங்கள் விற்பவரை நோக்கியவை. வாங்கிய மாணவரைப் பல்கலைக்கழகமே தன் விதிப்படி தண்டிக்கிறது. ஆயினும் அயல்நாட்டு மாணவருக்கு அது அவ்வளவோடு முடிவதில்லை. ஆஸ்திரேலிய மாணவர் விசாவின் 8202 என்ற நிபந்தனை, கல்விப் பதிவு தொடர்ந்து இருக்க வேண்டும் என்கிறது. நீக்கப்பட்டால் பதிவு போகும். பதிவு போனால் விசா ஆபத்துக்குள்ளாகும்.

வெளியில் தெரியாத இன்னொரு தீங்கும் உண்டு. எழுதிக் கொடுத்தவரிடம் மாணவரின் பெயர், பாடம், பணம் செலுத்திய விவரம், சில வேளைகளில் பல்கலைக்கழகக் கடவுச்சொல் ஆகியவை இருக்கும். மேலும் பணம் தராவிடில் பல்கலைக்கழகத்துக்கு அறிவித்துவிடுவதாக மிரட்டுவோர் உள்ளனர். ஆஸ்திரேலியாவின் உயர்கல்வித் தர ஒழுங்குமுறை அமைப்பு இதுகுறித்து மாணவரை எச்சரித்துள்ளது. பட்டம் பெற்று வேலையில் அமர்ந்த பின்னும் இம்மிரட்டல் வரக்கூடும்.

பழக்கம் எங்கிருந்து வருகிறது

பணம் கொடுத்து எழுதி வாங்குவது தவறு என்பதைப் பெரும்பாலோர் அறிவர். சிக்கல் அதற்கு இப்பால் உள்ள பரப்பில்தான் இருக்கிறது. வளைகுடாவில் அரசு விண்ணப்பம் எதுவாயினும் டைப்பிங் சென்டரில் கொடுத்து நிரப்பிக்கொள்வது வழக்கம். அதில் தவறேதும் இல்லை. பள்ளியின் செய்முறைத் திட்டத்தைத் தந்தையும் தாயும் இரவு விழித்துச் செய்து கொடுப்பதும் வழக்கம். தமிழ்நாட்டில் பொறியியல் இறுதியாண்டுத் திட்டப்பணியை ‘ப்ராஜெக்ட் சென்டர்’களில் விலைக்கு வாங்குவது பல்லாண்டுகளாக நடக்கிறது. சென்னையிலும் கோவையிலும் அதற்கான விளம்பரப் பலகைகள் வெளிப்படையாகவே தொங்கியிருக்கின்றன. இவற்றைக் கண்டு வளர்ந்த பிள்ளைக்கு, உதவி எங்கே முடிகிறது, ஏமாற்று எங்கே தொடங்குகிறது என்ற கோடு புலப்படுவதில்லை. அது பிள்ளையின் குற்றமன்று. ஆனால் விசாரணைக் குழுவின் முன் ‘தெரியாது’ என்ற சொல் தண்டனையைக் குறைக்கலாமேயன்றி நீக்காது.

கேள்வியை எப்படிக் கேட்பது

அல் கூஸ் அச்சகம் ஒன்றில் பணிபுரியும் ஒருவரின் மகள், மெல்பேர்னில் தகவல் தொழில்நுட்ப முதுகலை பயில்வதாகக் கொள்வோம். தரவுத்தள வடிவமைப்பைப் பற்றி 2000 சொற்களில் தனியாக எழுத வேண்டிய ஒப்படைப்பு. சமர்ப்பிக்க மூன்று வாரம் உள்ளது. ‘வெளியார் உதவி பெறலாமா?’ என்று அவள் ஒரே வரியில் எழுதினால், ‘பாட வழிகாட்டியைப் பார்க்கவும்’ என்ற ஒரே வரிதான் பதிலாக வரும். வழிகாட்டியோ ‘தகுந்த முறையில் ஒப்புக்கொள்ள வேண்டும்’ எனப் பொதுப்படக் கூறி நின்றுவிடும். பொதுவாகக் கேட்டால் பொதுவாகவே விடை கிடைக்கும்.

அவள் தன் உண்மை நிலையை அப்படியே வைத்துக் கேட்க வேண்டும். மடலின் சாரம் தமிழில் இவ்வாறு அமையும்:

“மதிப்பிற்குரிய ஒருங்கிணைப்பாளருக்கு, இரண்டாம் ஒப்படைப்பைத் தொடங்குமுன் நான்கு ஐயங்களைத் தெளிவுபடுத்திக்கொள்ள விரும்புகிறேன். ஒன்று, துபாயில் உள்ள என் பெரியப்பா மகன் கணினித் துறையில் பணிபுரிகிறார். என் ஆங்கிலப் பிழைகளை அவர் சுட்டிக்காட்டலாமா? வாக்கியங்களைத் திருத்தி எழுதலாமா? இரண்டு, என்னுடன் தங்கியிருக்கும் தோழி இதே பாடத்தைப் படிக்கிறாள். நாங்கள் வடிவமைப்பைப் பற்றிக் கலந்து பேசலாமா? மூன்று, சென்ற ஆண்டு மாணவர் ஒருவர் தம் ஒப்படைப்பை மாதிரியாகத் தர முன்வந்துள்ளார், அதைப் படிக்கலாமா? நான்கு, கட்டணம் பெறும் தனிப்பயிற்சி ஆசிரியரிடம் பாடக் கருத்துகளைக் கேட்கலாமா? அனுமதிக்கப்படும் உதவியை ஒப்படைப்பில் எங்கே, எவ்வாறு குறிப்பிட வேண்டும்?”

நான்கு கேள்விகளுக்கும் விடை ஒன்றாக இராது. ஆகவேதான் பிரித்துக் கேட்பது இன்றியமையாதது. முதற்கேள்வியில் பல பல்கலைக்கழகங்கள் ஒரு கோட்டை வரைகின்றன. பிழை இருக்கும் இடத்தைச் சுட்டுவது, எழுத்துப்பிழையையும் நிறுத்தக்குறியையும் திருத்துவது ஒரு பக்கம். வாதத்தை மாற்றியமைப்பது, பத்தியைப் புதிதாக எழுதுவது மறுபக்கம். ‘இவ்வாக்கியம் விளங்கவில்லை’ என்று அண்ணன் ஓரத்தில் குறித்தால் அது பெரும்பாலும் ஏற்கப்படும். அதை அழித்துவிட்டுத் தாமே நல்ல வாக்கியம் ஒன்றை எழுதினால் அது ஏற்கப்படாது. ஆனால் ஆங்கில மொழியே மதிப்பிடப்படும் பாடத்தில் முதல் வகையும் தடுக்கப்படலாம்.

இரண்டாவதில், கருத்தைப் பேசுவது பொதுவாகத் தடையில்லை. ஒருவர் கோப்பை மற்றவர் திறந்து பார்ப்பதே ஆபத்தின் தொடக்கம். இருவர் வடிவமைப்பிலும் ஒரே அட்டவணைப் பெயர்களும் ஒரே பிழையும் காணப்பட்டால், கொடுத்தவர் பெற்றவர் என்ற வேறுபாடின்றி இருவரும் விசாரிக்கப்படுவர். நட்புக்காகக் கோப்பை அனுப்பும் தமிழ்ப் பிள்ளைகள் இதை அறிந்திருத்தல் வேண்டும். மூன்றாவதற்கு வேண்டாம் என்ற பதிலே பெரும்பாலும் வரும். முன்னாள் மாணவரின் ஒப்படைப்பு ஒப்பீட்டு மென்பொருளின் சேமிப்பில் ஏற்கெனவே இருக்கக்கூடும். நான்காவதில், பாடத்தைக் கற்பிப்பது வேறு, ஒப்படைப்பின் வினாத்தாளை முன்வைத்து விடையைச் சொல்லித் தருவது வேறு. பல்கலைக்கழகங்களின் கற்றல் உதவி மையங்கள் இப்பணியைக் கட்டணமின்றிச் செய்கின்றன என்பதையும் ஒருங்கிணைப்பாளர் நினைவூட்டக்கூடும்.

பதில் வந்த பின்

இக்கேள்வியைத் தொலைபேசியிலோ வகுப்பு முடிந்து வெளியேறும்போதோ கேட்பது போதாது. எழுத்தில் இருந்தால்தான் அது சான்றாகும். பல்கலைக்கழக முகவரியிலிருந்தே அனுப்ப வேண்டும். பதில் வரும்வரை ஐயத்துக்குரிய உதவியைப் பெறலாகாது. ஒரு வாரத்தில் பதில் வராவிடில் பணிவுடன் மீண்டும் எழுதலாம். ஒரு பாடத்துக்குக் கிடைத்த அனுமதி மற்றொரு பாடத்துக்குப் பொருந்தாது. ஒப்படைப்பின் முதல் வரைவு, இடைப்பட்ட வரைவுகள், அண்ணன் குறிப்பிட்டு அனுப்பிய படி ஆகிய அனைத்தையும் தேதியுடன் சேமித்து வைப்பது நலம்.

காரணம், வேர்ட் கோப்பு தன் வரலாற்றைத் தானே சுமக்கிறது. `.docx` என்பது உண்மையில் ஒரு சுருக்கப்பட்ட பொதி. அதனுள் `docProps/core.xml` என்ற கோப்பில் உருவாக்கியவர் பெயரும் கடைசியாக மாற்றியவர் பெயரும் பதிவாகின்றன. அண்ணன் தம் கணினியில் திறந்து பிழைதிருத்திச் சேமித்தாலே அவர் பெயர் அங்கே ஏறிவிடும். அனுமதி கேட்ட மடலும் பதிலும் கையில் இருந்தால், அப்பெயர் வெறும் விவரமே. அவை இல்லையெனில் அதுவே குற்றச்சாட்டின் முதல் வரியாகலாம்.

பொறுப்பு இரு தரப்புக்கும்

மாணவர் மீது மட்டும் சுமையை ஏற்றுவது நியாயமன்று. உள்நாட்டு மாணவரைவிடப் பன்மடங்கு கட்டணம் பெறும் பல்கலைக்கழகங்கள், விதிகளை நூறு பக்கக் கையேட்டில் புதைத்து வைத்துவிட்டுப் பின்னர் ‘அறிந்திருக்க வேண்டும்’ எனக் கூறுவது முறையாகாது. எந்த உதவி தகும், எது தகாது என்பதை ஒவ்வோர் ஒப்படைப்பின் வினாத்தாளிலேயே நான்கு வரிகளில் அச்சிடுவது அவர்களுக்குக் கடினமானதன்று. அதைக் கோரும் உரிமை கட்டணம் செலுத்தும் பெற்றோருக்கும் உண்டு. மாணவர் சங்கங்கள் வழியாக அதை வலியுறுத்தலாம்.

அதுவரை பெற்றோர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. ‘மதிப்பெண் என்ன?’ என்று வாரந்தோறும் கேட்கும் தொலைபேசி அழைப்பில், ‘ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டுவிட்டாயா? என்ன பதில் சொன்னார்?’ என்றும் கேட்க வேண்டும். கேட்டால் ஆசிரியர் குறைத்து மதிப்பிடுவார் என்று பிள்ளை அஞ்சினால், கேட்காமல் செய்தவர்களைத்தான் விசாரணைக்கு அழைக்கிறார்கள் என்பதை எடுத்துச் சொல்ல வேண்டும்.